கண் திறந்த தூக்கம்

என் ஓரகத்தி வேலை நேரத்தில் தூங்குகிறாள் என்று சொன்னபோது வீட்டில் ஒருத்தர்கூட நம்பவில்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரி, அங்கே மருந்தகத்தில் ஒரே மேசை. எந்தப் பாவம் செய்தேனோ தெரியவில்லை.

"அவங்களப் பார்த்தா உனக்குப் பொறாமை" என்றார் கணவர். பொறாமை இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இது வேறு. எனக்கு ஒரு மணி நேரம் முன்பே அவளுக்கு வேலை முடிந்துவிடும். போகிற வழியில் என் எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு போவாள். தூங்கி விழுகிறவள் ஓட்டும் வண்டியில் என் பெண் உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேசையில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிக்கும். இமை மெல்ல இறங்கும், ஏற மறந்துவிடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்து பாதியில் கோடாக இழுபட்டு நிற்கும். மோவாய் சரிந்து சட்டென்று நிமிரும். அப்புறம், "எந்த வார்டுன்னு சொன்ன?" என்பாள். அப்போதுதான் சொல்லியிருப்பேன். எல்லாம் இரண்டு மூன்று நொடிதான். மாதாந்திரக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்தேன். "என்ன இடிக்கிற? நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினாள்.

எங்கள் மேசையில்தான் வார்டுகளுக்குப் போகும் ஊசி மருந்துகளின் அளவைச் சரிபார்ப்போம். டாக்டர் எழுதியதை நான் வாசிப்பேன். அவள் திரையில் இருக்கும் லேபிளைப் பார்த்து அளவைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அது விதி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்? நாளாவட்டத்தில் அது வெறும் "சரி" என்று சுருங்கிவிட்டது. சுருக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த "சரி"யில்தான் அவளை மாட்டிவிட முடிவு செய்தேன். எங்கள் தலைமை மருந்தாளுநரை நாங்கள் ஆமை என்போம். பேச்சு அத்தனை நிதானம். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் இமை இறங்கும்வரை காத்திருந்தேன். காகிதத்தில் இரண்டரை மில்லிகிராம். திரையிலும் இரண்டரை. நான் சத்தமாக வாசித்தேன்: "இருபத்தஞ்சு மில்லிகிராம்."

"சரி" என்றாள்.

திரையைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஆமை காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது.

"நான் என்ன அளவு வாசிச்சேன், அக்கா?"

"ரெண்டரை."

"இருபத்தஞ்சு."

"பொய் சொல்லாதே!" அவள் திரும்பியபோது பின்னால் நின்றவரைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "சார், சத்தியமா நான் தூங்கல."

"தூங்கினது உங்களுக்கே தெரியாதும்மா" என்றார் ஆமை. "வாய் பழக்கத்துல சரின்னு சொல்லிடும். மூளை ரெண்டு நொடி வெளிய போயிட்டு வந்திருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சந்தேகம் வந்த அன்னிக்கே வேலையை நிறுத்தி என்கிட்ட வந்திருக்கணும். தெரிஞ்சே தப்பா வாசிச்சு விளையாடற இடமா இது? இனிமே ரெண்டு பேரும் அளவைத் திருப்பிச் சொல்லணும். சரிங்கிற வார்த்தையே இந்த மேசைல எனக்குக் கேக்கக் கூடாது."

என் குளுகுளுப்பு அதோடு போயிற்று.

அவள் எழுந்தாள். "மூஞ்சி கழுவிட்டு ரெண்டு நடை நடந்துட்டு வரேன் சார். சரியாயிடும்."

"நடங்க, ஜன்னல் வெளிச்சத்துல நில்லுங்க, நல்லதுதான். ஆனா அதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ஒரு காபி குடிச்சிட்டு உடனே ஓய்வறையில படுங்க. இருபது நிமிஷம் அலாரம் வெச்சுக்குங்க, அதுக்கு மேல வேண்டாம். எந்திரிக்கும்போது காபி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். ஆனாலும் இன்னிக்கு இந்த மேசை வேண்டாம், காரும் ஓட்ட வேண்டாம். ராத்திரி குறட்டை உண்டா?"

"சுவரே அதிரும் சார்" என்றேன் நான், ஆசையாக.

"மூச்சு நின்னு நின்னு வருமா?"

வரும். நடுவில் சத்தமே நின்றுபோய், பிறகு மூச்சுத் திணறி எழும்பும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நானும் என் கணவரும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

"வரும்" என்றேன்.

"அப்போ டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப்போடாதீங்க. காபியால தீர்ற விஷயம் இல்ல இது."

அவள் படுத்து எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். வேலை முடியும் நேரத்தில் கைப்பையை எடுத்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"சாவியைக் கொடுங்க."

"நல்லாத் தூங்கி எந்திரிச்சிட்டேன். வழிவிடு."

"சார் என்ன சொன்னாரு? உங்களுக்காகக் கேக்கல. என் பொண்ணு அந்த வண்டில வரா."

"உன் பொண்ணா? மூணு வருஷமா ஏத்தி இறக்கினது நீயா, நானா? அளவை மாத்தி வாசிச்சு மாட்டிவிட்ட நாக்குதானே இது!"

"ஆமா, மாட்டித்தான் விட்டேன். இன்னும் நாலு தடவைகூட மாட்டிவிடுவேன்."

பையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். அவள் என் கணவருக்கு போன் போட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்: "ஆஸ்பத்திரில வெச்சு அவங்கள அவமானப்படுத்துவியா? சாவியைக் கொடு!" கொடுக்க மாட்டேன் என்று சொல்லிப் போனை அணைத்தேன். ஆமையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நானே ஓட்டினேன். அவளும் விடாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி வாசலில் அவளை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். என் மகள் ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பெரியம்மா எங்கே? தூங்கிட்டாங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"வண்டி ஓட்டும்போது தூங்குவாங்கல்ல. அதான் நான் முன்னாடி உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டே வருவேன். பதில் வரலன்னா தோளைத் தட்டுவேன். ஒரு தடவை லாரி பக்கத்துல போயிட்டோம், தட்டினேன், திருப்பிட்டாங்க."

"எத்தனை நாளாடி இது?"

"ரொம்ப நாளா."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல? எதா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லணும்னு சொல்லியிருக்கேன்ல?"

அவள் காரைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பெரியம்மாவின் முகம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"சொன்னா நீ அவங்ககூட சண்டை போடுவேல்ல."