தலையாட்டும் விடைக்குறிப்பு

சிந்தாமணி டீச்சர் கேட்டபடி, எட்டாம் வகுப்புக்கு எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துப் பத்துக் கணக்குகளையும் விடைக்குறிப்பையும் சாட்பாட் கொடுத்தது.

"அப்படியே ஜெராக்ஸ் போட்டுடுங்க டீச்சர். கம்ப்யூட்டரு தப்பு பண்ணுமா?" என்றார் தலைமையாசிரியர் அறிவரசன்.

டீச்சர் காதில் வாங்காமல் கையால் போட்டுப் பார்த்தார். ஒரு கணக்கில், நானூறு டன் கரும்பு விளைச்சல் இருபது விழுக்காடு கூடி, அப்புறம் இருபது விழுக்காடு குறைந்தால் 384 டன். விடைக்குறிப்பு 400 என்றது. தப்பு என்று தட்டினார். சாட்பாட் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. சரியாக இருந்த இன்னொரு விடையையும் வேண்டுமென்றே தப்பு என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டு, தப்பாக மாற்றி வைத்தது.

"யார் சொன்னாலும் தலையாட்டுது சார், உங்கள மாதிரியே. இத நம்பித் திருத்துனா, சரியா போட்ட புள்ளைக்குத்தான் மார்க்கு கொறையும். மீதி எட்டுக் கணக்குல பாதிய நீங்க கையால போட்டுப் பாருங்க."

அறிவரசன் கண்ணாடியைத் தேடினார்.