ராத்திரியில் போட்ட மாத்திரை

என் தங்கை துர்காதேவியின் மூத்திரப்பையிலிருந்து டாக்டர் ஹரிப்ரியா ரத்தக்கட்டிகளை உறிஞ்சி எடுத்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடிமனான குழாயைச் செருகி, பெரிய சிரிஞ்சில் உப்புத்தண்ணீரை உள்ளே விட்டு, திருப்பி இழுத்துத் தட்டில் ஊற்றினார். வந்தது ஈரல் துண்டு மாதிரி இருந்தது. கட்டி அடைத்து, ஒன்றுக்கே போக முடியாமல், அடிவயிறு கல்லாகி அவள் போட்ட கூச்சலில்தான் ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தோம்.

நான் கேளம்பாக்கத்தில் டிபன் கடை நடத்துகிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும்.

துர்காவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, கீமோ நடந்துகொண்டிருந்தது. ஊசியோடு தினமும் போட மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு சுற்றும் வீட்டில் இருந்தாள். மூன்றாவது சுற்றுக்கு, "சும்மா குந்திகினு இருந்தா காண்டிராக்டுல இருந்து பேரை எட்த்துருவாங்கக்கா" என்று தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு மறைமலைநகர் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். கார் பாகம் கோர்க்கிற வேலை. நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

கட்டிகளை எடுத்தபின் குழாயின் ஒரு வழியில் உப்புத்தண்ணீர் இறங்கவும், இன்னொரு வழியில் கட்டிலில் தொங்கும் பைக்குள் வந்து விழவும் மாட்டினார்கள். இப்படி இடைவிடாமல் அலசினால் மறுபடி கட்டி பிடிக்காதாம். ரத்தம் ஒரு யூனிட் ஏற்றினார்கள். மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா, ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று சோதித்தார்கள். இரண்டும் இல்லை.

"அப்போ மாத்திரைதான்," என்றார் டாக்டர். "அது உடம்புல உடையறப்போ ஒரு கழிவு மூத்திரத்துல வரும். அது தேங்கி நின்னா மூத்திரப்பையோட உள்தோலை அரிச்சுப் புண்ணாக்கிடும். எல்லாருக்கும் வராது. தண்ணி நிறையக் குடிச்சு, அடிக்கடி போயிட்டு இருந்தா அது தங்கறதுக்கே வழியில்ல. அதனாலதான் காலையில போடச் சொன்னோம். துர்கா, எப்போ போட்டீங்க?"

"ராத்திரி," என்றாள். "படுக்கறப்போ."

"ஏம்மா? விடியற வரைக்கும் அது அப்படியே பையில நின்னிருக்குமே. பகல்ல தண்ணி குடிச்சீங்களா?"

துர்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடி, வாய்ல இன்னா கொழுக்கட்டையா? டாக்டரம்மா கேக்குறாங்கல்ல?" என்று அவளைத்தான் திட்டினேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். அலசுவதிலேயே ரத்தம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் மயக்கம் கொடுத்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, கசிகிற இடத்தைச் சுட வேண்டும். எதுவானாலும் ரத்தம் நின்று புண் ஆறும்வரை கீமோ கிடையாது. அவ்வளவு நாள் புற்றுநோய் சும்மா காத்திருக்குமா? அதன்பிறகு அந்தப் பையின் நிறம் ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. திராட்சைச் சாறு நிறத்திலிருந்து ரோஸ் பால் நிறத்துக்கு வந்தபோது கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் உலகநாதன் வந்தார். துர்காவின் லைன் சூப்பர்வைசர். கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "உடம்பைப் பாத்துக்கம்மா, வேலை எங்கயும் போயிடாது," என்றார். துர்கா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். உடம்பில் குழாயோடு எதற்கடி மரியாதை என்று தோளை அமுக்கிப் படுக்கவைத்தேன்.

அவர் உற்பத்தி, டார்கெட் என்று பேசிக்கொண்டே இருந்தார். துர்காவின் முகம் சுண்டுவதைக் கவனித்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. மேலே பாட்டிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பையில் ஒரு சொட்டு விழவில்லை. போகிற தண்ணீர் வயிற்றுக்குள்ளேயே நிற்கிறது! "சிஸ்டர்!" என்று நான் கத்திய கத்தலில் வார்டே திரும்பியது.

சகுந்தலா சிஸ்டர் ஓடி வந்து முதல் வேலையாக மேலே இருந்து இறங்கும் தண்ணீரை மூடினார். "கட்டி அடைச்சிடுச்சு. மூத்திரப்பை இழுத்துப் பிடிக்குது, அதான் ஒண்ணுக்கு முட்டுற மாதிரி இருக்கும். குழாய் இருக்கும்மா, நீ எழுந்திரிக்க வேணாம். பொறுத்துக்க," என்று சொல்லிவிட்டு சிரிஞ்சு எடுக்கத் திரும்பினார்.

துர்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. வலியில் கண் செருகியிருந்தது. உலகநாதனைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"சார்... பாத்ரூம் போய்ட்டு வரட்டா சார்?"

அந்த மனுஷன் யோசிக்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ம். சீக்கிரம் வா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எல்லாம் புரிந்தது. மாத்திரை ஏன் ராத்திரிக்கு மாறியது, டாக்டர் கேட்டபோது ஏன் சுவர் பக்கம் திரும்பினாள், எல்லாம். இது தெரியாமல் அவளையே திட்டினேனே!

"வெளிய போய்யா!" என்றேன். சிஸ்டர் திரையை இழுத்தார். கட்டியை இழுத்தெடுத்ததும் சிவந்த தண்ணீர் குபுகுபுவென்று பைக்குள் பாய்ந்தது. துர்கா மூச்சு விட்டாள். வலி தணிய மருந்து கொடுத்து, தண்ணீரை மறுபடி திறந்துவிட்டார்கள்.

வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தார். விட்டேனா?

"ஒண்ணுக்குப் போறதுக்கு ஒங்கிட்ட கை தூக்கணுமாய்யா? நீ இன்னா, அவ வவுத்துக்கு வாட்ச்மேனா?"

"நான் என்னம்மா பண்றது? ஒரு லைன்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போகலாம். கம்பெனி ரூலு. நான் போட்டதில்ல."

"அவளுக்குக் கீமோன்னு தெரியாதா?"

"தெரியும்மா. அடிக்கடி போகணும்னு டாக்டர் சொன்னாங்கன்னு வந்து கேட்டுது. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. முடியலன்னா வீட்டுல ரெஸ்ட் எடுன்னு நல்லதுக்குத்தான் சொன்னேன்."

நல்லதுக்கு! வீட்டுக்குப் போனால் வேலை போகும், நின்றால் மூத்திரம் போக முடியாது. அவள் என்னதான் செய்வாள்? பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டாள், போட்டால் அடிக்கடி போகவேண்டிய மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளினாள். அதையும் யாருக்கும் தொந்தரவில்லாமல் செய்திருக்கிறாள், பாவி மகள். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்குள் உள்ளேயிருந்து துர்கா கூப்பிட்டாள்.

"அக்கா, அவரை இங்க வரச்சொல்லு."

வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். துர்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"சார், நம்ம லைன்ல எல்லாரும் காலைல பாட்டில் ரொப்பிகினு வரோம். பார்த்துகீறீங்களா?"

"பார்த்திருக்கேன்மா."

"சாயங்காலம் பஸ்ல ஏறுறப்போ தூக்கிப் பாருங்க சார். எல்லாம் ரொம்பித்தான் கீது. எனக்கு மட்டும்தான் மாத்திரை. மத்தவளுங்க எதுக்கு சார் குடிக்காம இருக்காளுங்க?"

ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.