முப்பத்தாறு புள்ளி இரண்டு

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள அரிசி ஆலைக்கு இளமதி போவது அந்த மாதத்தில் நான்காவது தடவை. கடலூரில் பஸ் ஏறும்போதே அவளுக்கு முதுகு வலித்தது.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சின்ன கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். நெல் உலர்த்தும் எந்திரத்தின் வெப்பத்தை அளந்து ஆலையின் கணினிக்கு அனுப்பும் போர்டு அவர்கள் செய்தது. அதற்குள் ஓடும் புரோகிராம் இளமதி எழுதியது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று திரையில் வெப்பம் வராது. ஒரு நிமிஷம் வராமல் போனால் கணினி உலர்த்தியின் பர்னரை அணைத்துவிடும்.

"கேபிள் கோளாறுதான்" என்று அவளுடைய முதலாளி ராஜ்கமல் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆலையின் எலெக்ட்ரீஷியன் சுப்பிரமணியன் எண்பது மீட்டர் கேபிளைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். அப்புறமும் அதே கதை.

"இந்தாம்மா, பாருங்க" என்று அவர் ஒரு நோட்டை நீட்டினார். "ஒவ்வொரு தடவையும் நிக்கறதுக்கு முன்னாடி என்ன காட்டுச்சு, அப்புறம் என்ன காட்டுச்சுன்னு எழுதி வச்சிருக்கேன்."

முன்னால் 36.1, பின்னால் 36.3. முன்னால் 36.3, பின்னால் 36.1. பதினோரு வரி. 36.2 மட்டும் எங்குமே இல்லை.

இளமதி அந்த நோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளுக்கு எண் தெரியாது.

போர்டு அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் சி.ஆர்.சி. என்று இரண்டு பைட்டு இருக்கும். முன்னால் வந்த பைட்டுகளை வைத்துக் கணக்குப் போட்டு வருவது அது. கணினியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். முதலில் அவள் பிட் பிட்டாகக் கணக்கிடும் முறையைத்தான் எழுதியிருந்தாள்: கடைசி பிட்டைப் பார், வலப்பக்கம் தள்ளு, அது ஒன்றாக இருந்திருந்தால் A001 என்ற எண்ணோடு பிட்டுக்குப் பிட் எக்ஸார் செய். ஒரு பைட்டுக்கு இப்படி எட்டுச் சுற்று. இந்த ஆலையின் கணினி கேட்கும் வேகத்தில் அடுத்த பைட்டு வருவதற்குள் போர்டின் சின்ன சிப்புக்கு நூற்றறுபது கடிகாரச் சுழற்சிதான் நேரம். எட்டுச் சுற்றுக்கு இருநூறுக்கு மேல் ஆனது; பைட்டுகள் தவறின. அதனால் அட்டவணை முறைக்கு மாறினாள். இருநூற்றைம்பத்தாறு பைட்டு மதிப்புகளுக்கும் எட்டுச் சுற்றின் விடையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஒரு பைட்டுக்கு ஒரே பார்வை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டு இடம் போகும், நேரம் மிச்சம்.

அந்த அட்டவணையை ஒரு மங்கலான ஜெராக்ஸைப் பார்த்து அவளே தட்டியிருந்தாள்.

லேப்டாப்பைக் கேபிளோடு இணைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிற்பகல் வெப்பம் 36.2-ஐத் தொட்டது. போர்டு அனுப்பியது: 01 03 02 01 6A 39 F8. கடைசி இரண்டும் சி.ஆர்.சி.; முதல் ஐந்து பைட்டுக்குப் பழைய பிட் முறையை லேப்டாப்பில் ஓட்டினாள். 39 FB என்று வந்தது.

பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரை எல்லாவற்றையும் பிட் முறையில் கணக்கிட்டு அட்டவணையோடு ஒப்பிட்டாள். ஓரிடத்தில் மட்டும் உதைத்தது. தொண்ணூற்றொன்று. FB41 இருக்க வேண்டிய இடத்தில் F841. ஜெராக்ஸில் B எட்டாகத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தைத் தொடும் செய்திதான் கெடும். இந்த உலர்த்தியின் வெப்பத்தில் அப்படி இருந்தது 36.2 ஒன்றுதான். கம்பெனியில் சோதித்தபோது இரண்டு பக்கமும் தங்கள் போர்டே. இரண்டிலும் ஒரே தப்பு. அதனால் எப்போதும் பொருந்தியது.

ராஜ்கமலுக்கு போன் செய்து சொன்னாள்.

"புது வெர்ஷன் போட்டுருக்கோம்னு சொல்லிட்டு வந்துடு இளமதி. வேற எதுவும் சொல்லாத."

இந்தத் தடவை அவள் அட்டவணையைக் கையால் தட்டவில்லை. பிட் முறை எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டி, சிப்பில் ஏற்றினாள். சுப்பிரமணியன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பு என்னோடது. ஒரு எழுத்த மாத்தி அடிச்சிட்டேன். கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் திரையைப் பார்த்தார். "எண்பது மீட்டரு. மூணு நாளு வெயில்ல நின்னோம்."

"தெரியும்ணே."

"வேற எங்கயும் தப்பு இல்லன்னு எப்படி நம்புறது?"

"இருநூத்தம்பத்தாறையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். 36.0. 36.1. பிறகு 36.2 வந்து, நாலு நிமிஷம் அங்கேயே நின்றது. பர்னர் எரிந்துகொண்டிருந்தது.

"சரி, போங்க. பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியாயிடும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ராஜ்கமலிடமிருந்து போன் வந்தது. "சொல்லிட்டியா?"

"உண்மையச் சொல்லிட்டேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "பெண்ணாடத்துல ரெண்டு போர்டு இருக்கு. அதுலயும் அதே அட்டவணைதான?"

"ஆமா சார். நாளைக்குப் போறேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடமில்லாமல், கடலூர் வரை அவள் நின்றபடியே வந்தாள்.