மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு மதிப்பெண்

ஈஸ்வரபாண்டியின் புகார் ஐந்து பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் நகல் பட்டியல்: முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட ஆட்சியர், முதலமைச்சரின் தனிப்பிரிவு. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மகள் படிக்கும் தனியார் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. இப்போது புகார் சொல்லியிருப்பதும் அதே பள்ளி மீதுதான்.

பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் விஜி, அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் எண்பத்தேழு வாங்கியிருந்தாள். மோசமான மதிப்பெண் இல்லை. ஆனால் அவருடைய பங்காளி மலைச்சாமியின் மகன் இனியன் எண்பத்தெட்டு வாங்கிவிட்டான். அவன் பெயரைப் புகாரில் எங்கும் அவர் எழுதவில்லை. ‘நீதி’ என்ற சொல்லைத்தான் பதினோரு இடத்தில் எழுதியிருந்தார்.

தலைமையாசிரியை ஹேமாவதி அதைப் படித்து முடிப்பதற்குள் தாளாளர் தங்கப்பாண்டியன் அறைக்குள் வந்துவிட்டார்.

“ஏம்மா, மூணு மார்க்குத்தான கேக்குறாக? போட்டு விட்டுருங்க. அரையாண்டு மார்க்கை எவன் பாக்கப் போறான்?”

“யாரும் பாக்காத மார்க்குன்னா, அவரு எதுக்கு சார் கலெக்டருக்கு எழுதுறாரு?”

“அதுக்குத்தான் சொல்றேன். போட்டு முடிங்க.”

“போட்டா, நாப்பது பிள்ளைக பேப்பரையும் நான் திருத்தணும். மார்ச்சுல பப்ளிக் பரீட்சை பேப்பரை வேற ஊரு வாத்தியார் திருத்துவாரு சார். அங்கன விஜி நம்ம தலைவரு மகளுன்னு எழுதியா இருக்கும்?”

தாளாளர் பெருமூச்சு விட்டார். “அப்ப பதிலையாவது பணிவா எழுதுங்க. ‘மாண்புமிகு’ன்னு ஆரம்பிங்க.”

ஹேமாவதி விஜியின் விடைத்தாளை எடுத்துவரச் சொன்னார். பெயரையும் போட்ட மதிப்பெண்களையும் வெள்ளைத் தாள் துண்டுகளால் மறைத்து நகல் எடுத்தார். விடைக்குறிப்போடு சேர்த்து, ‘பி’ பிரிவுக்குப் பாடம் எடுக்கும் மாரீஸ்வரியிடம் கொடுத்தார். யாருடைய தாள் என்று சொல்லவில்லை. மாரீஸ்வரி மறுநாள் திருத்திக் கொண்டுவந்தபோது கூட்டுத்தொகை எண்பத்தொன்பது இருந்தது.

ஹேமாவதி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒவ்வொரு விடையாகச் சரிபார்த்தார். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. வித்தியாசம் ஒரே இடத்தில்தான். கூடுதல் தாளில் விஜி எழுதியிருந்த ஒரு இரண்டு மதிப்பெண் விடையை முதலில் திருத்திய சொர்ணலதா டீச்சர் சரி என்று குறித்திருந்தார். முதல் பக்கத்துக் கட்டத்தில் ஏற்றவில்லை. புகாரில் ஈஸ்வரபாண்டி கேட்ட மூன்று மதிப்பெண்ணில் இது இல்லை. அவர் கண்ணிலும் இது பட்டிருக்கவில்லை.

சொர்ணலதா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புகாரின் நான்காம் பக்கத்தில், கழகக் கூட்டத்தில் அவர் கேட்ட புரொஜக்டரைத் தலைவர் மறுத்ததால் அந்த வன்மத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தார் என்று எழுதியிருந்தது. இப்போது இந்தக் கூட்டல் பிழை.

“பேசாம மறைச்சிரலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு மேடம்,” என்றார் கண் கலங்கி. “ஆனா அது அந்தப் பிள்ளையோட மார்க்கு. எழுதிருங்க. எம்பேரையும் போட்டே எழுதுங்க.”

ஹேமாவதி எழுதினார். தாளாளர் சொன்ன ‘மாண்புமிகு’வை விட்டுவிட்டு ‘மதிப்பிற்குரிய’ என்று போட்டார். கடிதம் இரண்டு பக்கத்தில் முடிந்தது.

“மதிப்பிற்குரிய திரு. ஈஸ்வரபாண்டி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் புகார் கிடைத்தது. தங்கள் மகளின் விடைத்தாள், பெயரும் மதிப்பெண்ணும் மறைக்கப்பட்டு, வேறொரு ஆசிரியரால் மறுமதிப்பீடு செய்யப்பட்டது.

முதல் உலகப் போருக்கான காரணங்கள் குறித்த எட்டு மதிப்பெண் வினாவில் இரண்டு காரணங்கள் விடுபட்டுள்ளன. இரு ஆசிரியர்களும் தனித்தனியே ஆறு மதிப்பெண்ணே வழங்கியுள்ளனர். மாற்றமில்லை. இன்னொரு மாணவரின் விடைத்தாளோடு ஒப்பிடக் கோரியிருந்தீர்கள். தங்கள் மகளின் தாளை நாங்கள் பிறருக்குக் காட்டாதது போலவே, பிறர் தாளைத் தங்களுக்குக் காட்ட இயலாது.

வரைபட வினாவில், தங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை இருப்பதால் அதைக் கிழக்கில் குறித்தது சரியே என்று எழுதியுள்ளீர்கள். தங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே மேகமலை இருப்பது உண்மை. அது மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது என்பதும் உண்மை. எனினும் விடைத்தாளில் அம்மலை விசாகப்பட்டினத்துக்கு அருகே வரையப்பட்டுள்ளது. மாற்றமில்லை.

ஆசிரியருக்கு உள்நோக்கம் இருந்ததாகக் கூறியுள்ளீர்கள். மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டது டிசம்பர் 29. தாங்கள் குறிப்பிடும் கூட்டம் நடந்தது ஜனவரி 7.

தாங்கள் சுட்டாத ஒரு பிழையை நாங்கள் கண்டோம். கூடுதல் தாளில் உள்ள இரண்டு மதிப்பெண்களை ஆசிரியர் திருமதி சொர்ணலதா கூட்டத் தவறிவிட்டார். அதற்கு அவரும் நாங்களும் வருந்துகிறோம். திருத்திய மதிப்பெண் 89. விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் தாங்களும் தங்கள் மகளும் பள்ளியில் நேரில் பார்வையிடலாம்.”

ஈஸ்வரபாண்டி மகளோடு வந்தார். சண்டைக்கு ஆயத்தமாக வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து அணிந்திருந்தார். கடிதத்தை வாங்கி முதலில் கடைசியைப் பார்த்தார். எண்பத்தொன்பது. முகம் மலர்ந்தது. பிறகு முதலிலிருந்து படித்தார், வாடியது.

“மேடம், இந்த ரெண்டு மார்க்கைப் பத்தி மட்டும் தனியா ஒரு லெட்டர் குடுங்களேன். நாலு பேருகிட்டக் காட்ட வேண்டியிருக்கும்ல? இந்த விசாகப்பட்டினமெல்லாம் எதுக்கு?”

“புகார் ஒண்ணு, பதில் ஒண்ணு சார்.”

“வெடியக்காலை தோட்டத்துல நின்னா, மேகமலைக்குப் பின்னாலதான் சூரியன் வருது. வந்து பாருங்க!”

“அப்பா,” என்றாள் விஜி. “நாந்தான் அவசரத்துல மாத்திப் போட்டேன். அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேன்ல?”

“நீ சும்மா இரு ஆத்தா. பெரியவுக பேசிட்டிருக்காக.”

அப்போது சொர்ணலதா உள்ளே வந்தார். ஈஸ்வரபாண்டியைப் பார்க்கவில்லை, நேராக விஜியிடம் போனார். “ரெண்டு மார்க்கை விட்டுட்டேன்மா. என் தப்புத்தான். மனசுல வச்சுக்காத.”

“பரவால்ல மிஸ்,” என்றாள் விஜி. அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஈஸ்வரபாண்டி வன்மத்துக்கும் அகம்பாவத்துக்கும் பதில் தயாரித்து வந்திருந்தார். மன்னிப்புக்குத் தயாரிக்கவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, “சரி, அத விடுங்க” என்றார்.

“பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடுங்க சார்,” என்றார் ஹேமாவதி. “நீங்க நகல் அனுப்புன எல்லாருக்கும் எங்க பதிலும் போகணும். நாளைக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருவோம்.”

பேனா நின்றது. “கலெக்டர் ஆபீசுக்குமா?”

“முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும்தான். உங்க அஞ்சு பக்கத்தையும் இணைச்சுத்தான் அனுப்பணும்.”

மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கே இருக்கிறது என்று எழுதியது தன் கையெழுத்தோடு சென்னை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“புகாரை வாபஸ் வாங்கிட்டா?”

“அதையும் சேத்து அனுப்புவோம்.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாபஸ் கடிதத்தை எழுதினார். ஆசிரியரின் உள்நோக்கம் பற்றிய பகுதி வந்ததும் பேனா ஓடவில்லை. “‘தவறான புரிதல்’னு போட்டா போதும்ல?” என்று மகளிடம் கேட்டார்.

“தேதி தெரியாம எழுதிட்டேன், வருந்துகிறேன்னு போடுங்கப்பா. மிஸ் போட்டாகள்ல?”

அவள் சொன்னபடியே எழுதினார். ஐந்து பக்கப் புகாரை வாபஸ் வாங்க ஆறு வரி போதுமானதாக இருந்தது. ஹேமாவதி அதை வாங்கிப் படித்து, ‘வருந்துகிரேன்’ என்றிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.