வெட்டப்பட்ட பூச்சியம்

பதுளையில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பெயர் கிருஷ்ணராஜ். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘அரை மார்க்கு’. அலகு விட்டால் அரை, இலக்கம் கூடினால் அரை, குறைந்தால் அரை என்று வெட்டுவதால் வந்த பெயர். கேட்டுக் கோபப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன். இப்படியொரு பட்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெப்ரவரியில் எங்கள் பகுதி இரசாயனவியல் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு செய்முறைக் கையேடு போடத் தீர்மானித்தோம். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு மாதிரி அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். ஒருங்கிணைப்பாளர் பாறூக் சேர் பெயர்களை மறைத்து, சரிபார்க்கச் சொல்லி ஒன்பதை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். சாமி கும்பிடக்கூட அவ்வளவு பக்தியோடு உட்கார்ந்தது கிடையாது.

நான்காவது அறிக்கை, ஒரு கரைசலில் உள்ள இரும்பின் செறிவைப் பரமங்கனேற்றால் நியமித்து, அதாவது நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து, காண்பது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. உள்ளே இருந்ததோ இது:

MnO₄⁻ + 8H⁺ + Fe²⁺ → Mn²⁺ + Fe³⁺ + 4H₂O

அணுக்களை எண்ணினால் இரு பக்கமும் சரி. மின்னேற்றத்தைக் கூட்டினால் இடது பக்கம் +9, வலது பக்கம் +5. இரும்புக்கு முன்னால் இரு பக்கமும் வரவேண்டிய ஐந்து இல்லை. ‘மீதி நாலு ஏற்றம் வெலிமடை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதா?’ என்று ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த வரியில் பரமங்கனேற்றின் செறிவு 0.0200 ஐ, பியூரெட்டில் அளந்து விட்ட 20.50 ஆல் பெருக்கி, 0.410 மூல் பரமங்கனேற்று என்றிருந்தது. கன சென்ரிமீற்றரை ஆயிரத்தால் வகுக்கவே இல்லை. அத்தனை மூல் என்றால் ஏறக்குறைய அறுபத்தைந்து கிராம். ‘இது பியூரெட்டா, அரிசி மூட்டையா?’ என்று எழுதினேன். பிறகு ஐந்தால் பெருக்கி, இரும்புக் கரைசலின் கனவளவு 25.00 ஆல் வகுத்திருந்தார்கள். அங்கேயும் ஆயிரத்தை மறந்ததால், இரண்டு பிழையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விடை மட்டும் சரியாக வந்திருந்தது. அதையும் 0.082 என்று இரண்டே இலக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ‘கல்குலேட்டர் காட்டினதை அப்படியே எழுதுவதா? சரியான விடை 0.08200’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். கடைசியில், ‘இதை எழுதியவர் முதலில் சாதாரண தர வகுப்பில் உட்காரட்டும்’ என்று முடித்தேன். மனைவி விஜயலெட்சுமியைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“யாரு எழுதினாங்கனு தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாது. தெரிஞ்சா என்ன?”

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம். பாறூக் சேர் என் தோளில் கைபோட்டு, “டீ குடிச்சதும் அந்த நாலாவது அறிக்கைய நீங்களே எடுத்துக் காட்டுங்க கிருஷ்ணராஜ். பெயர் சொல்ல வேணாம். எப்படி எழுதக்கூடாதுனு எல்லாருக்கும் விளங்கட்டும்” என்றார். நான் இரண்டு பகிடிகளை மேலதிகமாகத் தயார்செய்துகொண்டு தேநீர் எடுக்கப் போனேன்.

அங்கே ஒரு இளம் ஆசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நிரஞ்சலா.

“சேர், மேசையில நீங்க திருத்தி வச்சிருந்ததப் பாத்தேன். நாலாவது என்னோடது” என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். “பரவாயில்ல மிஸ், புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான்...”

“நான் யோசிச்சு எழுதல சேர். இதப் பாத்துத்தான் எழுதினேன்.” பையிலிருந்து ஒரு போட்டோகொப்பியை எடுத்து நீட்டினார். “எனக்கு முன்னால இருந்த மிஸ் குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு வருஷமா இத வச்சுத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குறேன்.”

ஐந்து இல்லாத அதே சமன்பாடு. 0.410 மூல். 0.082. அடியில்: ‘தயாரிப்பு: கிருஷ்ணராஜ்.’ நான்கு வருடங்களுக்கு முன்னால் பண்டாரவளையில் ஒரு கருத்தரங்குக்காக, அன்று பகலே அவசரமாகத் தட்டச்சு செய்து கொடுத்தது. ஒரு எழுத்து மாறாமல் பார்த்து எழுதியிருந்தார்.

“சமன்பாட்ட பாத்தப்ப ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. உங்க பேர் இருந்ததால என்னோட பிழைனு நெனச்சேன்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “இன்னொண்ணு சேர். நீங்க திருத்தினதுல 0.08200னு போட்டிருக்கீங்க. பரமங்கனேற்று 0.0200 தானே? அதுல பொருளுள்ள இலக்கம் மூணுதானே. அப்ப விடையும் 0.0820 தானே வரும்?”

ஆமாம். பியூரெட்டிலும் கரைசலை அளந்தெடுக்கும் குழாயியிலும் நான்கு இலக்கம் இருந்த மயக்கத்தில் செறிவை மறந்திருந்தேன். பிழையைச் செய்ததும் நான், பிழையைத் திருத்தியதில் பிழைவிட்டதும் நான்.

தேநீர் ஆறியது. எனக்கு வந்த முதல் யோசனை வயிற்று வலி. இரண்டாவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாகச் சொல்வது. மூன்றாவதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கும்போதே பாறூக் சேர் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார். நிரஞ்சலா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முன்னால் நின்று, என் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அரிசி மூட்டைக்கு நல்ல சிரிப்பு. சாதாரண தர வகுப்புக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு.

“அந்த வகுப்புல உட்கார வேண்டியது நான்தான்” என்றேன். “இது என்னோட தாள்.”

பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். போட்டோகொப்பியைத் தூக்கிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. 0.08200 கதையையும் சொல்லி, அதைக் கண்டுபிடித்தவர் யாரென்றும் சொன்னேன். முன்வரிசையிலிருந்த முன்ஸிப் சேர் தன் கோப்பைத் திறந்து ஒரு தாளை மெதுவாக வெளியே எடுத்தார். அதே தாள். அவருக்குப் பின்னால் பர்ஸானா மிஸ்ஸிடமும் ஒன்று இருந்தது. மொத்தம் ஏழு. நான் எழுதிய எதுவும் இவ்வளவு தூரம் பரவியதில்லை.

பாறூக் சேர் தொண்டையைச் செருமினார். “சரி, எல்லாரும் சேர்ந்து திருத்துவோம். கரும்பலகைல மிஸ் எழுதட்டும்.”

நிரஞ்சலா எழுதினார். ஐந்தைச் சேர்த்தார். ஆயிரத்தால் வகுத்து 4.10 × 10⁻⁴ மூல். ஐந்து மடங்கு, 2.05 × 10⁻³ மூல் இரும்பு. அதை 0.02500 கன டெசிமீற்றரால் வகுத்து, 0.0820 mol dm⁻³. சமன்பாட்டின் ஐந்து எண்ணிப் போட்ட எண், அளந்து போட்டதல்ல, ஆகவே அது இலக்கத்தைக் குறைக்காது என்றும் சொன்னார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். “என் வகுப்புல ஒரு பிள்ளை 0.0820னு எழுதியிருந்தா சேர். தாள்ல 0.082னு இருந்ததால, தேவையில்லாத பூச்சியம்னு அரை மார்க்கு வெட்டிட்டேன். எப்படிச் சொல்றதுனு தெரியல.”

“நான் வந்து சொல்றேன்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் பாடசாலைக்குப் போனேன். அந்தப் பிள்ளை பெயர் சுபாஜினி. எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பூச்சியம் சும்மா இருப்பதல்ல, அந்த இடம்வரை அளந்திருக்கிறோம் என்று சொல்வது என்றேன். நிரஞ்சலா அரை மார்க்கைத் திருப்பிப் போட்டார்.

சுபாஜினி மார்க்கைப் பார்த்துவிட்டு, “நான் அதுக்கப்புறம் எல்லாத்துலயும் கடைசிப் பூச்சியத்த அழிச்சுட்டேன் சேர்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். “மன்னிச்சுக்கம்மா” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போத்தலில் ஒரு தடவைக்குப் போதுமான பரமங்கனேற்று மிச்சமிருந்தது. மறுபடி நியமித்துப் பார்ப்போம் என்றாள் சுபாஜினி. குடுவையில் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் மூன்று பேரும் பியூரெட்டைக் குனிந்து பார்த்தோம்.

“இருபது தசம் ஆறு பூச்சியம்” என்றேன்.

“கடும் நிறத்துல திரவத்தோட அடி வளைவு தெரியாதே சேர். மேல் விளிம்பத்தான் பாக்கணும்” என்றாள் அவள். “இருபது தசம் அஞ்சு பூச்சியம்.”

நிரஞ்சலாவும் குனிந்து பார்த்தார். பிறகு சுபாஜினி சொன்னதை எழுதச் சொன்னார்.