புதன்கிழமைக் கூட்டம்

இயற்பியல் துறைத் தலைவர் கோவிந்தசாமி போட்ட டைம்டேபிளில் குறை சொல்ல ஆள் கிடையாது. கல்லூரியில் கிழமை கணக்கில்லை; வேலை நாட்களை மட்டும் வரிசையாக எண்ணிச் சுழலும் டே ஆர்டர்தான். துறை ஆசிரியை ஜெயராணிக்கு வாரம் பதினாறு மணி நேரம்: பத்து வகுப்பு, முதலாவது, இரண்டாவது டே ஆர்டர் மதியங்களில் மும்மூன்று மணி நேரம் லேப். மூன்றாவதன் மதியம் தர மதிப்பீட்டுக் குழு. நாலாவதன் மதியம் அரியர் வைத்த ஏழு பேருக்குப் பாடம். அந்தக் கடைசி வேலை எந்தக் கணக்கிலும் வராது. அவளுக்கு அதுதான் உசிர்.

ஆனால் முதல்வர் குழுக் கூட்டத்தைப் புதன்கிழமை என்று அறிவித்துவிட்டார். ஜூனில் புதன் என்றால் மூன்றாவது டே ஆர்டர்தான். ஒரு லீவு வந்தது, டே ஆர்டர் ஒரு நாள் தள்ளிப்போய் புதன் இரண்டாவது ஆனது. இன்னொரு லீவில் முதலாவது. கூட்டம் நேராக லேப் மேலே வந்து உட்கார்ந்தது. விட்ட லேபை ஜெயராணி நாலாவதன் மதியத்தில் நடத்தினாள். ஏழு பேரும் வந்து வந்து திரும்பினார்கள்.

முதல்வரிடம் சொன்னபோது, அந்த அரியர் பாடம் ஒர்க்லோடில் வராதே, நிறுத்திவிட்டால் பளு குறையுமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வேலை ஜாஸ்தி என்று ஊரே சொல்கிறது. ஜாஸ்தியே இல்லை, ஒன்று மட்டும் வேறு காலண்டரில் ஓடுகிறது. புதுச்சத்திரம் தாண்டும்போது இது புரிந்தது. தன்னையே மெச்சிக்கொண்டாள், யார் தடுப்பது?

மறுநாள் கடலூரில் இறங்கிக் கல்லூரிக்குள் நுழைந்ததும் கோவிந்தசாமியைக் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள்.

"சார், எந்த வேலையும் குறைக்க வேணாம். கூட்டத்த புதன்னு சொல்லாம மூணாவது டே ஆர்டர்னு சொல்லுங்க. போதும்."

கோவிந்தசாமி, தன் டைம்டேபிளில் தப்பில்லை என்ற தெம்பில், வேகமாகத் தலையாட்டினார். முதல்வர் காலண்டரை ரெண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டவர் மறந்தும் போனார். இன்னும் சில லீவுகள் கழிந்து, ஒரு புதன் மதியம், காலியான கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு ஜெயராணியைக் கூட்டிவர அலுவலக உதவியாளர் சின்னையனை அனுப்பினார். அவள் ஏழு பேருக்கு நடுவே கரும்பலகையில் லென்ஸ் வரைந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நாலாவது டே ஆர்டர்ணே. புள்ளைங்க இருக்காங்க, வர முடியாதுன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். சற்று நேரத்தில் முதல்வரே வாசலில் நின்றார். எழுந்தவர்களை உட்காரச் சொன்னார்.

"மறந்துட்டேம்மா. நீங்க நடத்துங்க," என்றவர் போகவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜெயராணி நிமிர்ந்து நின்று, விட்ட இடத்திலிருந்து ஒளிக்கதிரை வரைந்தாள். கோடு கோணவில்லை.