நடுவில் ஐந்தடி

மண்டபத்தின் அகலம் முப்பத்தேழு அடி. அதை என்னால் இழுத்து நீட்ட முடியாது. இதை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"கூடுதலா எட்டே எட்டு பேரும்மா. ஒரு ஓரமா போட்டுடுங்க," என்றார். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு வந்து சொல்கிறார் மனிதர்.

இங்கே மேஜை நாற்காலி போடும் பொறுப்பு என்னுடையது. ஆறடி மேஜைக்குப் பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டடி. நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு மேஜை, அந்தப் பக்கம் இரண்டு. வரிசைக்கு இருபத்துநாலு பேர். எட்டு வரிசைக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒன்பதாவது போட்டால் வாசல் அடைபடும். சுவரோரம் நாலடி நாலடியாக விட்டிருப்பதில் கைவைக்க மாட்டேன். ஆபத்து என்றால் ஜனங்கள் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும்.

மிச்சம் நடுவில் உள்ள ஐந்தடிதான். ஒரு பக்கத்து மேஜைகளின் முனையில் வரிசைக்கு ஒரு நாற்காலி போட்டால் எட்டுப் பேரும் உட்காரலாம். ஆனால் வழி மூன்றடியாகிவிடும். அந்த ஐந்தடியை நான் பெண்ணின் அப்பாவுக்காக விட்டிருந்தேன். வாதம் வந்து இரண்டு காலும் போனவர். மகளோடு சேர்ந்து வாசலிலிருந்து மேடை வரை போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. சக்கர நாற்காலியைத் தள்ள ஓர் ஆள், பக்கத்தில் மகள் என்று அளந்திருந்தேன்.

பெண்ணின் அப்பா அங்கேயே தன் சக்கர நாற்காலியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"போட்டுடுங்கம்மா. நான் முன்னாடியே போய் மேடைகிட்ட இருந்துக்கிறேன். என்னால எட்டு பேர் நிக்கக் கூடாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பெரியப்பா சட்டென்று செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

மேடையோரம் உட்கார்ந்திருந்த கல்யாணப்பெண் என்னிடம் கேட்டாள். "மூணு அடியில இந்த நாற்காலி போகுமாக்கா?"

"தாராளமா போகும். இது ரெண்டேகால் அடிதான். பக்கத்துல நீ நடக்கத்தான் இடம் இருக்காது."

"நான் எதுக்குப் பக்கத்துல நடக்கணும்?"

எழுந்து போய் அப்பாவின் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைத் தள்ளுகிற ஆளாக நான் நினைத்தே பார்க்கவில்லை.

நானே எட்டு நாற்காலிகளையும் முனைகளில் கொண்டுபோய்ப் போட்டேன். வாசலிலிருந்து அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். எதிலும் இடிக்கவில்லை.

பாதி வழியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"வேண்டாம்மா. நான் முன்னாடி வந்தா எல்லாரும் என்னையதான் பாப்பாங்க. உன் கல்யாணம்."

"பாக்கட்டும்பா," என்றாள் அவள். "என் அப்பாதானே?"